செவ்வாய்க்கிழமை மாலை பிசிஆரை அப்படியே நம்பாதீர்கள்

இந்தியச் சந்தை அங்கே 3:30க்கு மூடும்போது நமக்கு மாலை 6 மணி. கோலாலம்பூரில் வேலை முடிந்து எல்ஆர்டி ஏறுகிற நேரம் அது. நிஃப்டியில் பணம் வைத்திருக்கும் நம்மாட்கள் பலர், அதாவது இந்தியாவிலிருந்து இங்கே வேலைக்கு வந்து என்ஆர்ஐ கணக்கு வைத்திருப்பவர்களும், ஃபண்ட் வழியாகப் போட்டிருப்பவர்களும், அந்த நேரத்தில்தான் போனில் ஆப்ஷன் செயினைத் திறந்து அன்றைய புட்-கால் விகிதத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். நல்ல பழக்கம்தான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குறித்துக்கொள்ளும் முறையில் சில தவறுகள் இருந்தால் சந்தையில் நடக்காத ஒன்று நடந்ததுபோல் நம்ப வேண்டிவரும். பணத்துக்கு நேரடியாக வலி தருவது அதுதான்.

அடிப்படை சில வரிகள்தான். குறித்த விலைக்கு வாங்கும் உரிமை கால், விற்கும் உரிமை புட், அந்த உரிமை முடியும் நாள் எக்ஸ்பைரி. ஓபன் இன்ட்ரஸ்ட், சுருக்கமாக ஓஐ, என்பது இன்னும் முடிக்கப்படாமல் நிற்கும் ஒப்பந்தங்களின் எண்ணிக்கை. புட் ஓஐயை கால் ஓஐயால் வகுத்தால் கிடைப்பது பிசிஆர்.

எனக்குத் தெரிந்து ஆட்களை அதிகம் ஏமாற்றுவது, எல்லா எக்ஸ்பைரிகளையும் ஒன்றாகக் கூட்டி ஒரே எண்ணாக வைத்துக்கொண்டு நேற்றையதோடு ஒப்பிடுவதுதான். நிஃப்டியின் வார ஆப்ஷன்கள் 2025 செப்டம்பரிலிருந்து செவ்வாய்க்கிழமை முடிகின்றன (அதற்கு முன் வியாழன், செவ்வாய் விடுமுறையானால் முந்தைய வேலை நாள்). மொத்த ஓஐயில் பெரும் பங்கு, முடியப்போகும் அந்த வாரத்தில்தான் குவிந்திருக்கும். அது செவ்வாய் மாலையோடு காணாமல் போகும். யாரும் மனம் மாறி வெளியேறவில்லை, தேதி வந்தது, தீர்ந்தது, அவ்வளவுதான். ஆனால் விகிதத்துக்கு அது தெரியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை. சந்தை சில நாளாக இறங்கியிருக்கிறது, அதனால் இந்த வார எக்ஸ்பைரியில் கால் குவிந்திருக்கிறது. திங்கள் மாலை நிலவரம்: இந்த வாரம் கால் 20 லட்சம், புட் 10 லட்சம் ஒப்பந்தங்கள். அடுத்த வாரம் கால் 5, புட் 5. மாதக் கடைசி எக்ஸ்பைரியில் கால் 6, புட் 7. மொத்தம் கால் 31, புட் 22, பிசிஆர் 0.71. மறுநாள் இந்த வார ஒப்பந்தங்கள் தீர்ந்துபோகின்றன. அடுத்த வாரத்தில் இரு பக்கமும் 2 லட்சம் கூடி 7க்கு 7 ஆகிறது, மாதக் கடைசி அசையவில்லை. இப்போது கால் 13, புட் 14, பிசிஆர் 1.08.

வாட்ஸ்அப் குழுவில் உடனே செய்தி வரும்: "அண்ணே, பிசிஆர் 0.71லேர்ந்து 1.08க்கு ஏறிடுச்சு, மார்க்கெட் திரும்பிடுச்சு." எதுவும் திரும்பவில்லை. திங்கள் கணக்கிலிருந்தே அந்த முடியப்போகும் வாரத்தை நீக்கிப் பாருங்கள்: கால் 11, புட் 12, அதாவது 1.09. உயிரோடிருக்கும் ஒப்பந்தங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் விகிதம் 1.09லிருந்து 1.08க்கு வந்திருக்கிறது, கிட்டத்தட்ட அசையவே இல்லை. அந்தப் பெரிய பாய்ச்சல் முழுக்க முழுக்க நாள்காட்டி செய்த வேலை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. என்எஸ்இ மாலையில் வெளியிடும் பாவ்காப்பி கோப்பை இறக்கிக் கணக்குப் போடுபவர்களுக்கு இந்தப் பாய்ச்சல் செவ்வாயன்று தெரியாது, புதனன்றுதான் தெரியும், ஏனென்றால் எக்ஸ்பைரி நாளின் கோப்பில் அன்று முடிந்த ஒப்பந்தங்களின் ஓஐயும் வரிசையில் நின்றுகொண்டிருக்கும். ஆக ஒருவர் ஆப்ஷன் செயினையும் இன்னொருவர் கோப்பையும் பார்த்தால் ஒரே நாளுக்கு இரண்டு விதமான பிசிஆர் வரும், இருவரும் மற்றவர் தப்பு என்று சண்டை போடலாம். கோப்பில் XpryDt என்ற பத்தி அன்றைய தேதியாக இருக்கும் வரிகளை நீக்கிவிட்டுக் கூட்டுங்கள். ஆப்ஷன் செயின் பார்ப்பவர்கள் ஒரு எக்ஸ்பைரியைத் தேர்ந்து அதன் மொத்தத்தை மட்டும் எடுங்கள், மறுநாளும் அதே எக்ஸ்பைரி. என்எஸ்இ பக்கம் எக்ஸ்பைரி வாரியாகத்தான் காட்டுகிறது. சில புரோக்கர் செயலிகள் எல்லாவற்றையும் கூட்டிக் காட்டுகின்றன, எதைக் காட்டுகிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், விகிதத்தை மட்டும் எழுதி வைப்பது. அடுத்த வார எக்ஸ்பைரி 7க்கு 7, பிசிஆர் 1.00 என்று நிற்கிறது. மறுநாள் 1.27. என்ன நடந்தது? கால் 7லிருந்து 5.5க்குக் குறைந்து புட் அப்படியே இருந்தாலும் 1.27தான், கால் அப்படியே இருந்து புட் 8.9க்குக் கூடினாலும் 1.27தான். முதலாவதில் யாரோ ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு வெளியேறுகிறார்கள். இரண்டாவதில் புதுப் பணம் உள்ளே வருகிறது. இரண்டுக்கும் அர்த்தம் வேறு வேறு, ஆனால் விகிதம் இரண்டையும் ஒரே முகமாகக் காட்டுகிறது. ஆகவே விகிதத்துக்குப் பக்கத்தில் கால் எவ்வளவு மாறியது, புட் எவ்வளவு மாறியது என்ற இரண்டு எண்களையும் எழுதுங்கள். எனக்கு ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் விகிதத்தை விட்டுவிட்டு அந்த இரண்டையும்தான் வைத்துக்கொள்வேன்.

சரி, புட் ஓஐ கூடியது என்று தெரிந்துவிட்டது. அது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? இங்கேதான் இரண்டு கட்சி. புட் கூடினால் பயம் கூடியது என்று ஒரு கட்சி, அவர்கள் வாங்குபவரின் கண்ணால் பார்க்கிறார்கள். புட் கூடினால் அந்த விலைக்குக் கீழே போகாது என்று நம்பி விற்றிருக்கிறார்கள், அது ஆதரவு என்று இன்னொரு கட்சி, இவர்கள் விற்பவரின் கண்ணால் பார்க்கிறார்கள். நிஃப்டி பார்ப்பவர்களிடம் இரண்டாவது பேச்சுதான் அதிகம். உண்மையில் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் ஒரு வாங்குபவரும் ஒரு விற்பவரும் இருக்கிறார்கள், ஓஐ எண்ணில் யார் அவசரப்பட்டார் என்பது எழுதியிருக்காது.

அதைக் கண்டுபிடிக்க ப்ரீமியத்தை, அதாவது ஆப்ஷனின் விலையைப் பார் என்பார்கள்: ஓஐயும் ப்ரீமியமும் சேர்ந்து ஏறினால் வாங்கினார்கள், ஓஐ ஏறி ப்ரீமியம் இறங்கினால் விற்றார்கள் என்று. ஃபியூச்சர்ஸுக்கு இது ஓரளவு சரி. ஆப்ஷனுக்கு இதை அப்படியே கொண்டுவருவது பெரிய தவறு, ஏனென்றால் ஆப்ஷன் ப்ரீமியம் யாரும் அவசரப்படாமலே இன்டெக்ஸோடு சேர்ந்து நகரும். நிஃப்டி 25,100ல் இருக்கிறது, எக்ஸ்பைரிக்கு 6 நாள், 25,000 புட்டின் ஐவி, அதாவது ப்ரீமியத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் ஏற்ற இறக்க எதிர்பார்ப்பு, 11 என்று வைத்துக்கொள்வோம். அதன் விலை சுமார் 96. மறுநாள் நிஃப்டி 24,950க்கு இறங்குகிறது, ஐவி அதே 11. புட் விலை சுமார் 155 ஆகும். அறுபது சதவீதத்துக்கு மேல் ஏற்றம்! ஓஐயும் கூடியிருந்தால் "ப்ரீமியம் ஏறியது, ஓஐ ஏறியது, புட்டை வாங்கித் தள்ளுகிறார்கள்" என்று எழுதத் தோன்றும். ஆனால் ஐவி நகரவே இல்லை. அந்த ஏற்றம் மொத்தமும் 150 புள்ளி இறக்கத்தால் வந்தது, ஒரு நாள் தேய்மானத்தையும் கழித்த பிறகு.

அதனால் ப்ரீமியத்தை விட்டுவிட்டு ஐவியைப் பாருங்கள், ஆப்ஷன் செயினிலேயே பத்தி இருக்கிறது. அந்த ஸ்ட்ரைக்கில், அதாவது அந்த 25,000 என்ற விலையில், ஓஐ கூடி ஐவியும் 11லிருந்து 13க்குப் போயிருந்தால் வாங்குபவர் விலை கொடுத்து வாங்கியிருக்கிறார். ஓஐ கூடி ஐவி 11லிருந்து 10க்கு வந்திருந்தால் விற்பவர் தள்ளியிருக்கிறார். ஐவி அசையவில்லை என்றால் "தெரியவில்லை" என்று எழுதுங்கள், அதுவும் ஒரு பதில்தான். இதுவும் உறுதியான சான்று இல்லை என்பதை மறக்க வேண்டாம். ஒருவர் ஒரு புட்டை வாங்கி அதற்குக் கீழே இன்னொன்றை விற்று ஸ்பிரெட் போட்டிருக்கலாம், அல்லது கையில் இருக்கும் பங்குகளுக்குப் பாதுகாப்பாக வாங்கியிருக்கலாம், அப்படிப்பட்டவர் சந்தை விழும் என்று நினைக்கவே வேண்டியதில்லை.

வாங்கியவர் விற்றவர் பிரிவு வேண்டுமென்றால் என்எஸ்இ ஒவ்வொரு மாலையும் ஒரு சிறு கோப்பு வெளியிடுகிறது, கிளையன்ட், உள்நாட்டு நிறுவனங்களான டிஐஐ, வெளிநாட்டு நிறுவனங்களான எஃப்ஐஐ, தங்கள் சொந்தப் பணத்தில் வியாபாரம் செய்யும் புரோக்கர்களான புரோ என்று நான்கு வரி, ஒவ்வொருவருக்கும் இன்டெக்ஸ் கால், புட் இரண்டிலும் லாங் எவ்வளவு ஷார்ட் எவ்வளவு என்று. பயனுள்ள கோப்பு. ஆனால் அது எல்லா இன்டெக்ஸையும் எல்லா எக்ஸ்பைரியையும் ஒன்றாகக் கூட்டியது, ஆக முன்னால் சொன்ன எக்ஸ்பைரி பாய்ச்சல் இதிலும் வரும். அதில் எஃப்ஐஐ புட் ஷார்ட் குறைந்ததைப் பார்த்து "வெளிநாட்டுக்காரன் ஓடுகிறான்" என்று செவ்வாய்க்கும் புதனுக்கும் இடையில் முடிவு கட்டாதீர்கள்.

பழைய எண்களோடு ஒப்பிடுபவர்களுக்கு ஒரு விஷயம். நிஃப்டி லாட், அதாவது ஒரு ஒப்பந்தத்தின் அளவு, 2024 நவம்பரில் 25லிருந்து 75 ஆனது, 2026 ஜனவரி ஒப்பந்தங்களிலிருந்து 65. ஓஐயை ஒப்பந்த எண்ணிக்கையில் வைத்திருந்தால், 25 லாட் காலத்து 3 ஒப்பந்தமும் 75 லாட் காலத்து 1 ஒப்பந்தமும் ஒரே அளவுதான். பல வருடச் சராசரி எடுப்பவர்கள் லாட்டால் பெருக்கிய பிறகு எடுக்க வேண்டும். விகிதத்துக்கு இது பெரிதாகப் பாதிப்பில்லை, மாற்ற எண்களுக்குத்தான். அதோடு 0.7க்குக் கீழே போனால் வாங்கு, 1.3க்கு மேலே போனால் விற்று விடு என்று சுற்றிவரும் எல்லைகளையும் ஒதுக்கி வையுங்கள். எக்ஸ்பைரிக்கு 5 நாள் இருக்கும்போது உள்ள பிசிஆரை, முந்தைய வாரங்களில் அதே 5 நாள் மிச்சமிருந்தபோது இருந்த பிசிஆரோடு ஒப்பிட்டால்தான் ஏதாவது தெரியும்.

இதே முறையை நம்ம ஊர் கேஎல்சிஐக்கும் செய்யலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பர்சா மலேசியாவில் OKLI என்று இன்டெக்ஸ் ஆப்ஷன் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் வியாபாரம் மிக மெலிது, ஒரே ஆள் போடும் ஆர்டர் பிசிஆரைத் தலைகீழாக்கிவிடும், அதை மொத்தச் சந்தையின் மனநிலை என்று சொல்ல முடியாது. அங்கே பார்க்க வேண்டியது FKLI ஃபியூச்சர்ஸின் ஓஐ. நடப்பு மாதத்தையும் அடுத்த மாதத்தையும் சேர்த்துக் கூட்டுங்கள், ஏனென்றால் மாதக் கடைசி நாட்களில் ஆட்கள் ஒன்றை மூடி அடுத்ததில் திறப்பார்கள், நடப்பு மாதத்தை மட்டும் பார்த்தால் எல்லோரும் வெளியேறுவதுபோல் தெரியும்.