இன்குபேட்டரில் பொரித்த வாத்துக் குஞ்சுகளை உங்கள் பின்னால் வரவைப்பது எப்படி?

முதல் தடவை பொரித்த ஏழு குஞ்சுகளும் என்னைக் கண்டாலே பெட்டியின் மூலைக்கு ஓடின. ‘இரண்டு நாள் ஓய்வெடுக்கட்டும்’ என்று மூடி வைத்ததுதான் தப்பு. இரண்டாவது தடவையில் சரியாக வந்தது.

இன்குபேட்டர் வெப்பம், ஈரப்பதம் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று விட்டுவிடுகிறேன்.

1. நேரத்தைக் குறித்து வையுங்கள். ஓட்டில் விரிசல் விழுந்த நேரம் வேண்டாம். அதிலிருந்து குஞ்சு வெளியே வர ஒரு முழு நாள்கூட ஆகும். முழுதாக வெளியே வந்த நேரம்தான் கணக்கு.

2. உடல் உலர்ந்து பொசுபொசுவென்று ஆகும்வரை தொடாதீர்கள்.

3. 13 முதல் 16 மணி நேரத்துக்குள் தொடங்குங்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் எக்கார்ட் ஹெஸ், மல்லார்ட் என்ற காட்டு வாத்தின் குஞ்சுகளை, நகரும் பொம்மை வாத்தின் பின்னால் நடக்கவிட்டுப் பார்த்தார். இந்த வயதில் நடந்தவைதான் அந்தப் பொம்மையை மிக உறுதியாகப் பிடித்துக்கொண்டன. அதற்கு முன் கால் தள்ளாடும். ஒரு நாள் கடந்தால் புதிதாக எதைப் பார்த்தாலும் பயம் வந்துவிடும். என் முதல் குஞ்சுகள் அதற்குள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருந்தன. நான் வேற்றாள்.

4. குந்துங்கள். நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். இரண்டாவது தடவை, 14ஆம் மணி நேரத்தில் முதலில் நிமிர்ந்து நடந்தேன். ஒன்றும் வரவில்லை, நின்ற இடத்திலேயே கத்தின. ஆஸ்திரியாவின் ஆல்டன்பெர்கில் விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கோன்ராட் லோரன்சுக்கும் இதே கதைதான். வாத்தினத்தில் பெரியதான கூஸ் குஞ்சுகள் அவரைச் சுலபமாகத் தாயாக ஏற்றன. மல்லார்ட் குஞ்சுகளோ, அவர் தாய் வாத்தைப்போலக் குரல் கொடுத்தபடி குந்தி நகர்ந்தபோதுதான் பின்னால் வந்தன. குரல் நின்றால் அழுகை.

ஆகவே குந்தி உட்கார்ந்து, ‘குவக் குவக் குவக்’ என்று விடாமல் கூப்பிட்டபடி, ஓரடி ஓரடியாக நகருங்கள். பத்து நிமிடம் போதும். அப்புறம் பல்பு வெளிச்சத்தின் கீழே சூட்டில் விட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. கையில் தூக்கிக் கொஞ்ச வேண்டாம். சிரமப்பட்டு நடந்து வரும் குஞ்சுக்குத்தான் பிடிப்பு அதிகம். விசில், போனில் வாத்துச் சத்தம் இரண்டுக்கும் நான் எதிரி. போனை மறந்துவிட்டுப் போனால் நீங்கள் யாரோதான். எனக்கு மூன்றாம் நாளுக்கு மேல்தான் மெல்ல நிமிர முடிந்தது. முழங்கால் வலிக்குப் பொறுப்பு நான் இல்லை.

5. சோதித்துப் பாருங்கள். வீட்டில் இன்னொருவரை எதிர்ப்பக்கம் குந்தவைத்து, இருவரும் ஒரே மாதிரி கூப்பிடுங்கள். நடுவில் விட்ட குஞ்சுகள் உங்களிடம் வந்தால் சரி. குழம்பி நின்றால் நான்காவதை அன்றே இன்னும் சில தடவை செய்யுங்கள்.

பின்சேர்க்கை: ஒற்றைக் குஞ்சை இப்படி வளர்த்த ஒருவர், அது வளர்ந்த ஆண் வாத்தாகித் தன் காலையே சுற்றிச் சுற்றி ஜோடி தேடுகிறது என்று கமெண்டில் எழுதியிருந்தார். அதுவும் இதே பிடிப்பின் தொடர்ச்சிதான்: யாருடன் வளர்கிறதோ, அந்தச் சாயலில்தான் பின்னாளில் துணையையும் தேடும். குறைந்தது மூன்று நான்கு குஞ்சுகளைச் சேர்த்தே வளருங்கள்.