இயந்திரப் பெயர்களுக்குப் புள்ளி கொடுக்காதீர்கள்: ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளரின் சுயவிபரக்கோவையை மதிப்பிடும்போது நேரும் தவறுகள்

ஹற்றனில் ஒரு தனியார் ஆய்வுகூடம் விளம்பரம் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வகை வெள்ளணுக்களைப் பிரித்து எண்ணும் ஹெமட்டாலஜி அனலைசரும் முழுத் தானியங்கி பயோகெமிஸ்ட்ரி அனலைசரும் இயக்கத் தெரிய வேண்டும், மருத்துவ ஆய்வுகூட அங்கீகாரத்துக்கான தரநியமமாகிய ஐஎஸ்ஓ 15189 பற்றிய அறிவு வேண்டும், சேகரிப்பு நிலையங்களிலிருந்து வரும் மாதிரிகளைக் கையாள வேண்டும். இந்த விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வந்த விண்ணப்பங்களுக்குப் புள்ளியிடுவதைப் பற்றியே இங்கே பேசுகிறோம்.

முதலில் பதிவு. இலங்கை மருத்துவ சபையின் பதிவைப் பலர் பத்துப் புள்ளி, பதினைந்து புள்ளி என்று மொத்தத்துக்குள் சேர்த்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால், பதிவே இல்லாத ஒருவர் மற்ற இடங்களில் புள்ளி எடுத்து மேலே வந்துவிடுவார். பதிவு என்பது வாசற்படி. இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் கோவையை மூடிவிடலாம். புள்ளி அதற்குப் பிறகுதான் தொடங்க வேண்டும்.

உள்ளே வந்தவர்களுக்கு 100 புள்ளிகளை இப்படிப் பிரிக்கலாம்: இரண்டு அனலைசர்களுக்கும் தலா 20, தர அங்கீகார அறிவுக்கு 35, மாதிரி சேகரிப்புக்கும் அனுப்புதலுக்கும் 15, கணினிப் பதிவு, மொழி, இரவு வேலை போன்றவற்றுக்கு 10.

பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. விளம்பரத்தில் உள்ள சொல் கோவையில் இருந்தால் முழுப் புள்ளி, இல்லையென்றால் பூச்சியம் என்று போட்டுவிடுகிறார்கள். இரண்டு கோவைகளை எடுத்துப் பார்ப்போம். முதலாமவர் பதினொரு இயந்திரங்களின் பெயர்களைப் பட்டியலிட்டு, கீழே "ஐஎஸ்ஓ 15189 பற்றிய நல்ல அறிவு உண்டு" என்று எழுதியிருக்கிறார். இரண்டாமவர் இரண்டே இயந்திரங்களைச் சொல்கிறார்: ஐந்து வகை ஹெமட்டாலஜி அனலைசர் ஒன்று, அரைத் தானியங்கி பயோகெமிஸ்ட்ரி அனலைசர் ஒன்று. அங்கீகாரம் என்ற சொல்லே அவருடைய கோவையில் இல்லை. பதிலுக்கு, "காலையில் பின்புல எண்ணிக்கை பார்த்து, மூன்று மட்டக் கன்ட்ரோல் ஓட்டி, லெவி-ஜெனிங்ஸ் வரைபடத்தில் பதிவேன், வெளித்தர மதிப்பீட்டு முடிவுகளை மாதந்தோறும் அனுப்பினேன், கிரியேட்டினின் கன்ட்ரோல் தாழ்ந்தபோது காரணம் கண்டு திருத்த நடவடிக்கை எழுதினேன்" என்கிறார். கன்ட்ரோல் என்பது இயந்திரத்தைச் சோதிக்க ஓட்டும், அளவு முன்பே தெரிந்த மாதிரி. அதன் அன்றாட வாசிப்புகளைக் குறிப்பதே லெவி-ஜெனிங்ஸ் வரைபடம்.

சொல்லைத் தேடிப் புள்ளியிட்டால் முதலாமவருக்கு இயந்திரங்களுக்கு 40, அங்கீகாரத்துக்கு 35, மாதிரிக்கு 5, ஏனையவற்றுக்கு 10, ஆக 90 கிடைக்கும். இரண்டாமவருக்கு ஹெமட்டாலஜிக்கு 20, ஏனையவற்றுக்கு 5, ஆக 25 மட்டுமே.

இதற்கு மாற்று, செய்த வேலைக்குப் படி வைப்பது. ஓர் இயந்திரத்துக்கு 20 என்றால், பெயர் மட்டும் இருந்தால் 5, அன்றாடம் மாதிரி ஓட்டியது தெரிந்தால் 10, கன்ட்ரோலோ கலிபிரேஷனோ தானே செய்தது தெரிந்தால் 15, பழுதையோ விலகலையோ கண்டுபிடித்துச் சரிசெய்து, சரியானதை நிரூபித்தது தெரிந்தால் 20.

மேலே சொன்ன கிரியேட்டினின் வரியை ஏன் இவ்வளவு பெரிதாக எடுக்கிறோம் என்றால், அதன் விபரம் பொய்யாக எழுத முடியாதது. உதாரணமாக, இயந்திரத்தின் அளவீட்டைச் சரிப்படுத்தப் பயன்படும், உலர்தூளாக வரும் கலிபிரேட்டரை 5 மில்லிலீற்றர் நீரில் கரைக்க வேண்டிய இடத்தில், பிப்பெட் பிழையால் 4.8 மில்லிலீற்றரே விழுந்தால் கலிபிரேட்டர் சுமார் 4 சதவீதம் செறிவாகிவிடும். இயந்திரம் அதைச் சரியான அளவென்று நம்புவதால் நோயாளிகளின் முடிவுகள் எல்லாம் சுமார் 4 சதவீதம் தாழ்வாக வரும். கிரியேட்டினின் மட்டுமல்ல, அதே கலிபிரேட்டரைப் பயன்படுத்தும் மற்றப் பரிசோதனைகளும் சேர்ந்து தாழும். அதுதான் அடையாளம். திரவக் கன்ட்ரோல் என்றால் புள்ளிகள் நடுக்கோட்டின் கீழே ஒரே பக்கமாகத் தொடர்ந்து விழும். கன்ட்ரோலும் உலர்தூளாக இருந்து அதே பிப்பெட்டால் கரைத்திருந்தால் இரண்டு பிழையும் ஒன்றையொன்று மறைத்துவிடும். வரைபடம் அழகாக இருக்கும், முடிவுகள் பிழையாக இருக்கும். இதை அனுபவித்தவர் "பிப்பெட்டை எடைபோட்டுச் சரிபார்த்தோம்" என்று ஒரு வரியாவது எழுதுவார். அந்த வரிக்குத்தான் புள்ளி.

அரைத் தானியங்கிக்குப் பூச்சியம் கொடுப்பதும் அநியாயம். கையால் பிப்பெட் பிடித்தவருக்கு இறுதிநிலை வாசிப்புக்கும் 37 பாகை செல்சியஸில் எடுக்கும் இயக்க வாசிப்புக்கும் வித்தியாசம் நன்றாகவே தெரியும். பிளாங்க், நேர்கோட்டு எல்லை எல்லாம் விளங்கும். தெரியாதது முழுத் தானியங்கியின் ஊசி, கியூவெட் கழுவல், இயந்திரத்துக்குள் றீஏஜன்ட் எத்தனை நாள் தாங்கும் என்பவை. அவை பயிற்சியில் வரக்கூடியவை. ஆகவே 10.

அங்கீகாரப் பகுதியில் குழப்பம் இன்னும் அதிகம். ஐஎஸ்ஓ 9001 சான்றிதழை 15189 உடன் ஒன்றாக எண்ணிப் புள்ளி கொடுக்கிறார்கள். 9001 என்பது எந்த நிறுவனமும் பெறக்கூடிய முகாமைத்துவச் சான்று. 15189 மருத்துவ ஆய்வுகூடத்தின் தொழிற்திறனையே பார்க்கிறது. "நான் 15189 சான்று பெற்றவர்" என்று ஒருவர் எழுதினால் அது பயிற்சிப் பத்திரமாகத்தான் இருக்கும், ஏனென்றால் அங்கீகாரம் ஆய்வுகூடத்துக்கே வழங்கப்படுகிறது. அதுவும் முழுக் கட்டடத்துக்கு அல்ல, பட்டியலிட்ட பரிசோதனைகளுக்கு. ஹெமட்டாலஜிக்கு மட்டும் அங்கீகாரம் பெற்ற இடத்தில் நுண்ணுயிரியல் மேசையில் இருந்தவர் அந்த முறைமையைத் தூரத்திலிருந்தே பார்த்திருக்கலாம்.

35 புள்ளியை இப்படிப் பிரிக்கலாம்: சொல் மட்டும் என்றால் 5, அங்கீகாரம் பெற்ற இடத்தில் வேலை செய்ததற்கு 10, கன்ட்ரோல் பதிவு, வெளித்தர மதிப்பீடு, திருத்த நடவடிக்கை ஆகியவற்றைத் தானே செய்ததற்கு, எந்த ஆய்வுகூடமானாலும், 20, உள்ளகக் கணக்காய்வு செய்ததற்கு அல்லது மதிப்பீட்டாளரின் கேள்விகளுக்கு மேசையில் நின்று பதில் சொன்னதற்கு 35. 2012 பதிப்பில் பயிற்சி பெற்றவரைத் தள்ளிவிட வேண்டாம். 2022 பதிப்பு இடர் முகாமைக்கு அழுத்தம் கொடுத்து, நோயாளியின் அருகே செய்யும் பரிசோதனைகளையும் உள்ளே எடுத்தது. கன்ட்ரோலும் கலிபிரேஷனும் வெளித்தர மதிப்பீடும் அப்படியே இருக்கின்றன.

மாதிரி அனுப்புதலுக்கு 15 கொடுத்ததை மலையகத்துக்கு வெளியே உள்ளவர்கள் அதிகம் என்பார்கள். தோட்டப்புறச் சேகரிப்பு நிலையத்தில் எடுத்த இரத்தம் மணிக்கணக்கில் வளைவுப் பாதையில் வருகிறது. பிரிக்காத இரத்தத்தில் குளுக்கோஸ் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். அதே குழாயைக் குளிரில் வைத்தால் செல்களிலிருந்து பொட்டாசியம் கசிந்து பொய்யாக உயரும். நுவரெலியாக் குளிரில் ஐஸ்பெட்டி இல்லாமலே இப்படி நடக்கலாம். "சீரத்தை இரண்டு மணித்தியாலத்துக்குள் பிரித்து அனுப்பினேன்" என்று எழுதிய இரண்டாமவருக்கு 15 தாராளமாகக் கொடுக்கலாம்.

இப்போது கணக்கு: முதலாமவர் 5, 5, 5, 5, 10, ஆக 30. இரண்டாமவர் ஹெமட்டாலஜிக்கு 15, பயோகெமிஸ்ட்ரிக்கு 10, அங்கீகாரத்துக்கு 20, மாதிரிக்கு 15, ஏனையவற்றுக்கு 5, ஆக 65.

30 எடுத்தவரை உடனே கழித்துவிடுவதும் தவறு. இந்தப் புள்ளி கோவையில் எழுதியதை அளக்கிறது, கையின் திறமையை அல்ல. திறமையான பலர் நண்பரின் கோவையைப் பார்த்து எழுதிப் பெயர்ப் பட்டியலோடு நிறுத்திவிடுகிறார்கள். அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து இரண்டே கேள்வி கேளுங்கள்: அதிகம் ஓட்டிய இயந்திரத்தில் எத்தனை மட்டக் கன்ட்ரோல் போட்டீர்கள், கடைசியாகக் கன்ட்ரோல் விலகியபோது நோயாளி முடிவுகளை என்ன செய்தீர்கள்? முடிவுகளை நிறுத்திவைத்து, கடைசியாகச் சரியாக இருந்த கன்ட்ரோலுக்குப் பிறகு ஓட்டிய மாதிரிகளைத் திரும்பப் பார்த்ததாகச் சொன்னால், அந்த இயந்திரத்துக்கான 5 ஐ வெட்டி 15 போட்டு, பக்கத்தில் காரணத்தையும் எழுதிவையுங்கள்.