கண் முகாம் சீட்டில் 6/18, 6/36 என்று எழுதியிருந்தால் அதை எப்படிப் படிப்பது?

பாம்பன், மண்டபம், கீழக்கரை என்று எந்த ஊரில் கண் முகாம் நடந்தாலும் கையில் ஒரு சீட்டு கொடுத்து அனுப்புவார்கள். அதில் எழுதியிருப்பது கண்ணாடியின் பவர் என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது பவர் அல்ல. எப்படிப் படிக்க வேண்டும் என்று ஒரு மாதிரிச் சீட்டை வைத்தே பார்த்துவிடலாம். நாட்டுப்படகில் போகும் 54 வயதுக்காரர் ஒருவருடைய சீட்டு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

வலது: 6/18, பின்ஹோல் 6/6 பி
இடது: 6/36, பின்ஹோல் 6/36
அருகே: என்18

முதல் படி: மேல் எண், கீழ் எண்

மேலே உள்ள 6, அட்டைக்கும் ஆளுக்கும் இடையே உள்ள தூரம், மீட்டரில். கீழே உள்ள எண், அவர் படித்த கடைசி வரியின் எழுத்தைச் சராசரியான நல்ல கண் எவ்வளவு தூரத்திலிருந்தே படித்துவிடும் என்பது. நம் ஆளின் வலது கண்ணுக்கு 6/18. நல்ல கண் 18 மீட்டரிலிருந்து படிக்கிற எழுத்தை இவர் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்கிறார். இடது கண்ணுக்கு 36 மீட்டர் எழுத்தே 6 மீட்டரில் தெரிகிறது.

1862இல் நெதர்லாந்தின் ஸ்னெல்லன் என்ற கண் மருத்துவர் வகுத்த கணக்கு இது. 6 மீட்டர் அட்டையில் 6/6 வரி எழுத்தின் உயரம் ஏறத்தாழ 8.7 மில்லிமீட்டர், உச்சியில் இருக்கும் ஒற்றை 6/60 எழுத்து அதைப்போலப் பத்து மடங்கு, 87 மில்லிமீட்டர். அட்டை சரியான அட்டைதானா என்று சந்தேகம் வந்தால் ஸ்கேலை வைத்து அளந்து பார்த்துவிடலாம். வாட்ஸப்பில் வந்த படத்தை ஏதோ ஒரு அளவில் பிரிண்ட் போட்டு ஒட்டிய அட்டைகள் இந்தச் சோதனையில் தேறுவதில்லை.

பின்னம் போல இருப்பதால் 6/12 என்றால் பாதிப் பார்வை போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். இது சதவீதம் அல்ல. 6/6 உச்சவரம்பும் அல்ல, நல்ல கண் உள்ள இளைஞர்கள் பலர் 6/5 வரியையும் படிப்பார்கள்.

இரண்டாம் படி: அந்த எண் ஒழுங்காக எடுக்கப்பட்டதா?

தவறு பெரும்பாலும் தூரத்தில்தான் நடக்கும். 6 மீட்டர் அட்டையை இடமில்லாத அறையில் 3 மீட்டரில் வைத்து, ஒருவர் கடைசி 6/6 வரியைப் படித்துவிட்டால் அது 6/6 ஆகாது. நின்ற தூரம் 3, படித்தது 6 மீட்டர் எழுத்து. ஆக 3/6, அதாவது 6/12. ஆஸ்பத்திரியில் சின்ன அறையிலேயே எடுக்கிறார்களே என்றால், அங்கே எதிரே முகம் பார்க்கும் கண்ணாடி வைத்து ஒளி போய்வரும் தூரத்தை 6 மீட்டராக்கியிருப்பார்கள், அல்லது அறைக்கு ஏற்ற அளவில் எழுத்தைச் சிறிதாக்கிய அட்டை இருக்கும். டேப் இல்லாத இடத்தில் கடலாடிகள் இரண்டு கையையும் விரித்துப் பாகம் போட்டு அளந்துவிடுவார்கள். மூன்றேகால் பாகம் ஏறத்தாழ 6 மீட்டர்தான். ஆனால் ஆளுக்கு ஆள் கை நீளம் மாறுமே, டேப்பே நல்லது.

அடுத்தது வெளிச்சம். பள்ளிக்கூட வராந்தாவில், கடல் பக்கம் திறந்த வெளியைப் பின்னணியாக வைத்து அட்டையை மாட்டினால் பின்னால் வரும் கூச்சத்தில் எழுத்து மங்கும். அட்டை மேல் ஒரே சீராக வெளிச்சம் விழ வேண்டும், பார்க்கிறவர் முகத்தில் அடிக்கக் கூடாது.

ஒரு கண்ணை மூடும்போது உள்ளங்கையைக் குழித்து, அழுத்தாமல் மூட வேண்டும். அழுத்தினால் கையை எடுத்த பிறகு அந்தக் கண் கொஞ்ச நேரம் மங்கலாகத் தெரியும், அதன் கணக்குக் கெட்டுப்போகும். விரலால் மூடினால் இடுக்கு வழியே பார்ப்பார்கள். கண்ணைச் சுருக்கவும் விடக் கூடாது. சுருக்கினால் ஓரிரு வரி கூடுதலாகத் தெரியும், ஏன் என்பது அடுத்த படியில்.

எழுத்துத் தெரியாதவருக்கு நான்கு திசையிலும் திரும்பிய ஆங்கில ‘ஈ’ வடிவ அட்டை உண்டு. கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று கையால் காட்டினால் போதும், எண் அதேதான்.

மூன்றாம் படி: பின்ஹோல்

சீட்டில் எல்லோரும் தாண்டிப் போகிற இடம் இது. உண்மையில் எல்லாவற்றையும் விட அதிகம் சொல்வதும் இதுதான். ஒரு மில்லிமீட்டர் அளவுத் துளை போட்ட கறுப்புத் தட்டை கண் முன் பிடித்து மறுபடியும் படிக்கச் சொல்வார்கள். துளை மெல்லிய ஒளிக்கற்றையை மட்டும் உள்ளே விடுவதால், குவியம் தவறிய கண்ணிலும் மங்கல் குறைந்துவிடும். கண்ணைச் சுருக்கினால் தெளிவதும் இதே காரணத்தால்தான்.

நம் ஆளின் வலது கண் 6/18இலிருந்து 6/6 பி ஆகிவிட்டது. ‘பி’ என்றால் அந்த வரியில் ஒன்றிரண்டு எழுத்து தவறியிருக்கிறது, சிலர் 6/6−2 என்றும் எழுதுவார்கள். ஆக இந்தக் கண்ணில் குறை பெரும்பாலும் பவர்தான், கண்ணாடி போட்டால் தெரியும்.

இடது கண் துளை வழியாகவும் 6/36லேயே நிற்கிறது. கண்ணாடிக் கடைக்குப் போய்த் தீர்கிற விஷயமாக இது தெரியவில்லை. கண்புரை, கருவிழியில் தழும்பு, விழித்திரைக் கோளாறு, சின்ன வயதிலிருந்தே பழகாமல் விட்ட சோம்பேறிக் கண் என்று எதுவாகவும் இருக்கலாம். வெயிலிலும் உப்புக்காற்றிலும் இருப்பவர்களுக்கு வரும் சதை வளர்ச்சி கருவிழியின் நடுவரை ஏறியிருந்தாலும் இப்படி ஆகும். எது என்று 36 என்ற எண் சொல்லாது. பின்ஹோலுக்கும் எல்லை உண்டு: பவர் மிக அதிகமாக இருந்தால் முழுதாகத் தெளியாது, புரை நடுவில் இருந்தால் முன்னைவிட மோசமாகவும் தெரியும்.

‘எனக்கு நல்லாத்தான் தெரியுது’ என்று இவர் இத்தனை நாள் சொல்லியிருப்பார். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது வலது கண் வேலையைப் பார்த்துவிடுகிறது, இடது கண்ணின் குறை மறைந்துவிடுகிறது. கண்ணைத் தனித்தனியாகச் சோதிப்பது அதனால்தான்.

நான்காம் படி: அருகுப் பார்வை

என்18 என்பது எழுத்து அளவு. செய்தித்தாள் எழுத்து ஏறத்தாழ என்8. 54 வயதில் வெள்ளெழுத்து வந்தே இருக்கும், நைலான் வலையின் கண்ணியைப் பொத்தும்போது கையை நீட்டிப் பிடிப்பார். இங்கே ஒரு துப்பு இருக்கிறது. வலது கண்ணில் இருப்பது மைனஸ் பவர் என்றால், அருகில் இதைவிடச் சிறிய எழுத்தே கண்ணாடி இல்லாமல் தெரிந்திருக்கும். தூரமும் மங்கல், அருகும் மங்கல் என்றால் பிளஸ் பவரையோ, திசைக்குத் திசை மாறும் சிலிண்டர் பவரையோ சந்தேகிக்கலாம். துப்பு மட்டும்தான், பவரைச் சோதித்துத்தான் எழுத வேண்டும்.

6/6 வந்தாலும்

அட்டை சோதிப்பது நேர் நடுவில் உள்ள பார்வையை, அதுவும் வெள்ளையில் கறுப்பை. ஓரப் பார்வையைத் தின்னும் கண் நீர் அழுத்த நோய் வெகுநாள் 6/6ஐத் தொடாது. சர்க்கரையால் விழித்திரையில் கசிவு தொடங்கியவரும் 6/6 படிப்பார். தொடக்கப் புரை உள்ளவர் அட்டையில் கடைசி வரிவரை வந்துவிட்டு, விடியலில் சாம்பல் நிறத் தண்ணீரில் சாம்பல் நிற மிதவையைத் தேடித் தவிப்பார். இந்தப் புகார்களை எண்ணைக் காட்டி ஒதுக்கக் கூடாது.

நம் ஆள் சீட்டோடு போய்க் கேட்க வேண்டியது, இடது கண்ணுக்கு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரித்துப் பார்க்கும் சோதனை. பழைய சீட்டு இருந்தால் கொண்டுபோகட்டும். ஆனால் கண்ணாடி இல்லாமல் எடுத்ததை, கண்ணாடியோடு எடுத்ததுடன் ஒப்பிடக் கூடாது. சொட்டு மருந்துக்குப் பிறகு சில மணி நேரம் வெளிச்சம் கூசும், அருகில் உள்ளது மங்கும். வண்டி ஓட்ட ஒருவரைக் கூட அழைத்துப் போவதும், அன்று இரவு கடலுக்குப் போகாமல் இருப்பதும் நல்லது.