3டி கேமில் பிக்சல் நடுங்குவது ஏன்? குறைந்த ரெசல்யூஷனில் பலரும் செய்யும் தவறுகள்

3டி காட்சியைச் சின்ன ரெசல்யூஷனில் ரெண்டர் செய்து பெரிதாக்கிக் காட்டினால் பிக்சல் ஆர்ட் தோற்றம் வந்துவிடும் என்று நினைத்துத்தான் எல்லோரும் தொடங்குகிறோம். கேமரா நிற்கும்வரை அது உண்மைதான். ஸ்கிரீன்ஷாட் அழகாக இருக்கும். கேமராவை மெல்ல நகர்த்திப் பாருங்கள், காட்சி முழுக்க எறும்பு ஊர்வதுபோல் இருக்கும்.

என் காட்சியில் இதை முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு மரவேலி. ஒவ்வொரு கம்பும் திரையில் சுமார் ஒன்றரை பிக்சல் அகலம். நின்ற நிலையில் சில கம்புகள் ஒரு பிக்சலாகவும் சில இரண்டாகவும் தெரிந்தன, அது பரவாயில்லை. கேமரா நகரத் தொடங்கியதும் ஒவ்வொரு கம்பும் தன் இஷ்டத்துக்குத் தடித்தும் மெலிந்தும் மாறிக்கொண்டிருந்தது. காரணம் எளிது. ஒரு பிக்சலின் நடுப்புள்ளி கம்பின் மேல் விழுந்தால் அந்தப் பிக்சல் கம்பின் நிறத்தைப் பெறும், விழாவிட்டால் பெறாது. கேமரா கால் பிக்சல் நகர்ந்தால் சில கம்புகளுக்கு அந்த முடிவு மாறும், மற்றவற்றுக்கு மாறாது.

எனவே கேமரா எப்போதும் முழு பிக்சல் கணக்கில்தான் நகர வேண்டும். அப்போது படம் அப்படியே இடம் மாறும், வடிவம் மாறாது. இதைத்தான் பிக்சல் ஸ்நாப் என்கிறோம். கேட்க ஒரு வரி வேலை மாதிரி இருக்கும். ஆனால் நான் பார்த்த தவறுகள் எல்லாமே ஒரே இடத்தில்தான் முளைக்கின்றன: திரைக்கு ஒரு பிக்சல் கட்டம் இருக்க, நாம் அறியாமல் இன்னொரு கட்டத்தில் ரவுண்ட் செய்துவிடுகிறோம்.

ஒரு கணக்கை வைத்துக்கொண்டே பார்ப்போம். ரெண்டர் அளவு 640×360, திரை 1920×1080, அதாவது சரியாக 3 மடங்கு. உலகின் ஒரு யூனிட்டுக்கு 32 பிக்சல் வேண்டும். அப்படியானால் கேமரா பார்க்கும் உயரம் 360 ÷ 32 = 11.25 யூனிட். ஒரு பிக்சலின் அளவு 1 ÷ 32 = 0.03125 யூனிட். கேமரா ஆர்த்தோகிராஃபிக்காக இருக்க வேண்டும். பெர்ஸ்பெக்டிவ் கேமராவில் தூரத்துக்குத் தகுந்தபடி பிக்சலின் உலக அளவு மாறிக்கொண்டே போகும், எல்லாப் பொருளுக்கும் பொருந்தும் ஒரு ஸ்நாப் அளவே அங்கே கிடையாது.

உலக அச்சில் ஸ்நாப் செய்வது

முதல் தவறு, கேமராவின் x, z மதிப்புகளை நேரடியாக 0.03125-ன் மடங்குகளாக ரவுண்ட் செய்வது. மேலிருந்து நேராகப் பார்க்கும் கேமராவில் இது வேலை செய்யும். ஆனால் இந்த வகை கேம்களில் கேமரா பெரும்பாலும் 45 டிகிரி திரும்பி, 30 டிகிரி கீழே சாய்ந்து இருக்கும். அந்தக் கேமராவை உலகின் x அச்சில் ஒரு பிக்சல் அளவு நகர்த்தினால், திரையில் பக்கவாட்டில் சுமார் 0.71 பிக்சலும் மேல்-கீழாகச் சுமார் 0.35 பிக்சலும்தான் நகரும். ஸ்நாப் செய்த பிறகும் நடுக்கம் குறையவில்லை என்று புலம்புபவர்களில் பலருக்கு இதுதான் விஷயம்.

ரவுண்ட் செய்ய வேண்டியது கேமராவின் சொந்த அச்சுகளில், அதன் வலப்பக்கத்திலும் மேல்பக்கத்திலும். கேமராவின் இடத்தை அதன் அச்சுகளுக்கு மாற்றி, அங்கே ரவுண்ட் செய்து, மறுபடி உலகத்துக்குக் கொண்டுவர வேண்டும். கேமரா பார்க்கும் திசையில் ரவுண்ட் தேவையில்லை. ஆர்த்தோகிராஃபிக்கில் முன்பின் நகர்ந்தாலும் படம் மாறாது.

மீதியை மறந்துவிடுவது, அல்லது அரைகுறையாகச் சேர்ப்பது

ஸ்நாப் சரியானதும் வேலி நிலைத்துவிடும். ஆனால் அடுத்த குறை கண்ணில் படும். கேமரா மெதுவாகப் போகும்போது காட்சி ஒவ்வொரு தடவையும் 3 திரைப் பிக்சல் துள்ளுகிறது. நொடிக்கு 4 யூனிட் வேகத்தில் இது தெரியாது. அங்கே ஃப்ரேமுக்கு இரண்டு பிக்சலுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். நொடிக்கு அரை யூனிட் என்றால் 16 துள்ளல், ஒவ்வொன்றையும் எண்ணலாம்.

ரவுண்ட் செய்ததில் விட்டுப்போன மீதி அதிகபட்சம் அரை பிக்சல். பெரிதாக்கிய படத்தை அந்த மீதி அளவுக்கு எதிர்த்திசையில் நகர்த்தினால் ஓட்டம் வழுக்கிக்கொண்டு போகும். ரெண்டருக்குள் படம் முழு பிக்சலில் இருக்கும், திரையில் மட்டும் அது நுணுக்கமாக நகரும். படம் நகரும்போது ஓரத்தில் வெற்றிடம் தெரியாமலிருக்க எல்லாப் பக்கமும் ஒரு பிக்சல் கூடுதலாக, அதாவது 642×362-ல் ரெண்டர் செய்ய வேண்டும்.

இங்கேதான் கண்ணுக்கு எளிதில் சிக்காத தவறு ஒன்று இருக்கிறது. ரெண்டர் அளவை 362 ஆக்கிவிட்டு, கேமரா பார்க்கும் உயரத்தை 11.25 யூனிட்டிலேயே விட்டுவிடுவது. அப்போது ஒரு பிக்சலின் உண்மையான அளவு 11.25 ÷ 362, ஏறக்குறைய 0.03108. நாம் ஸ்நாப் செய்வதோ 0.03125-ல். ஒவ்வொரு அடியும் 1.0056 பிக்சல் ஆகிறது. வித்தியாசம் அற்பமானதுதான். ஆனால் அது சேர்ந்துகொண்டே போய் 180 அடிகளில் ஒரு முழு பிக்சல் ஆகிவிடும். அதற்குள் ஒவ்வொரு கம்பும் எங்கோ ஒரு தடவை அகலம் மாறியிருக்கும். எல்லாம் ஒரே சமயத்தில் நடுங்காமல், இங்கொன்றும் அங்கொன்றுமாக எப்போதாவது மினுக்கினால் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். சரியான உயரம் 362 ÷ 32 = 11.3125.

கோடோ 4-ல் மொத்தமும் இவ்வளவுதான். இது `Camera3D`-ல் இருக்கும் ஸ்கிரிப்ட். `target_pos` என்பது கேமரா உண்மையில் இருக்க விரும்பும் இடம். `view` என்பது `SubViewport`-ன் படத்தைக் காட்டும், `centered` அணைக்கப்பட்ட, 3 மடங்கு பெரிதாக்கிய `Sprite2D`.

```gdscript
var texel := 11.3125 / 362.0
var b := global_transform.basis
var want := b.inverse() * target_pos
var grid := Vector3(snappedf(want.x, texel), snappedf(want.y, texel), want.z)
global_position = b * grid
var rest := (want - grid) / texel
view.position = Vector2(-1.0 - rest.x, -1.0 + rest.y) * 3.0
```

கடைசி வரியில் y-க்கு மட்டும் குறி மாறியிருப்பதைக் கவனியுங்கள். 2டி திரையில் y கீழ்நோக்கி வளரும். அதை மாற்றாமல் விட்டால் பக்கவாட்டு ஓட்டம் வழுவழுப்பாக இருக்கும், மேல்-கீழ் ஓட்டம் முன்பைவிட மோசமாகத் துள்ளும்.

ஸ்நாப் செய்த மதிப்பையே திரும்பச் சேமிப்பது

மேலே உள்ள கோடில் `target_pos` தொடப்படவே இல்லை. அதை ரவுண்ட் செய்து அதிலேயே திரும்ப எழுதிவிட்டால் என்ன ஆகும்? நொடிக்கு 0.9 யூனிட் வேகம், 60 ஃப்ரேம் என்று வையுங்கள். ஒரு ஃப்ரேமில் நகர்வது 0.015 யூனிட். அரை பிக்சல் என்பது 0.015625. ஒவ்வொரு ஃப்ரேமிலும் ரவுண்ட் ஆகிப் பழைய இடத்துக்கே வந்துவிடும், கேமரா அசையவே அசையாது. பாத்திரத்தின் இடத்தில் இதே தவறைச் செய்தால் இன்னும் குழப்பம். ஓடினால் ஓடுவான், நடக்கச் சொன்னால் நிற்பான். பிழையை அனிமேஷனிலும் பிசிக்ஸிலும் தேடிக்கொண்டிருப்போம். உண்மையான இடம் தனி, வரைவதற்கான இடம் தனி. ரவுண்ட் செய்தது வரைவதற்கு மட்டும்.

பாத்திரத்தையும் கேமராவையும் தனித்தனியாக ரவுண்ட் செய்வது

நகரும் பொருளின் உருவமும் முழு பிக்சலில் நகர்ந்தால்தான் அதன் ஓரங்கள் நிலைக்கும். அதனால் பாத்திரத்தையும் அதே கேமரா அச்சுகளில், அதே கட்டத்தில் ஸ்நாப் செய்கிறோம். அதுவரை சரி. ஆனால் கேமரா அந்தப் பாத்திரத்தையே பின்தொடர்ந்தால் சிக்கல் தொடங்கும். இருவருக்கும் இடையே உள்ள தூரம் பிக்சலின் முழு மடங்காக இல்லாவிட்டால், பாத்திரம் ஒரு கணத்தில் அடுத்த பிக்சலுக்குத் தாவும், கேமரா வேறொரு கணத்தில் தாவும். திரையின் நடுவில் நிற்க வேண்டியவன் முன்னும் பின்னுமாக ஒரு பிக்சல் உதறிக்கொண்டே இருப்பான்.

மீதியை நகர்த்தும் வேலையும் இதைச் சரிசெய்யாது. அது காட்சி முழுவதையும் கேமராவின் உண்மையான இடத்துக்கு ஏற்ப நகர்த்துகிறது, பாத்திரமோ ரவுண்ட் ஆன இடத்தில் இருக்கிறான். அந்த வித்தியாசம் இருபுறமும் ஒன்றரை திரைப் பிக்சல் ஆடும் ரம்ப அசைவாகத் தெரியும்.

நான் செய்வது இது. கேமரா பாத்திரத்தைப் பின்தொடரும்போது முதலில் பாத்திரத்தை ரவுண்ட் செய்து, அந்த இடத்தோடு முழு பிக்சல் மடங்கான தூரத்தைக் கூட்டி, அதைக் கேமராவுக்குக் கொடுக்கிறேன். மீதி தானாகவே பூஜ்யம் ஆகிவிடும். பின்னணி முழு பிக்சலாகத் துள்ளும், உண்மைதான். ஆனால் நடக்கும் வேகத்தில் அதைக் கண் மன்னித்துவிடுகிறது, நடுவில் நடுங்கும் உருவத்தை மன்னிப்பதில்லை. மீதியை நகர்த்தும் முறையை கேமரா தனியாக ஊரும் காட்சிகளுக்கு வைத்துக்கொள்கிறேன். பாத்திரத்தைத் தனி அடுக்கில் வரைந்து பின்னணியை மட்டும் நகர்த்தலாம், ஆனால் மரத்துக்குப் பின்னால் அவன் மறைய வேண்டும் என்றால் ஆழத்தகவலை இரண்டு அடுக்குக்கும் இடையே பகிர வேண்டியிருக்கும். சின்ன ப்ராஜெக்ட்டுக்கு அவ்வளவு உழைப்பு வீண்.

மங்கலுக்கான சில்லறைக் காரணங்கள்

நடுக்கம் இல்லாமல் மங்கல் மட்டும் இருந்தால் காரணம் வேறு. பெரிதாக்கும் படத்தின் ஃபில்டர் `Nearest`-ல் இருக்க வேண்டும். ரெண்டரில் எம்எஸ்ஏஏ, டிஏஏ இரண்டும் அணைந்திருக்க வேண்டும். டிஏஏ ஒவ்வொரு ஃப்ரேமிலும் கேமராவைப் பிக்சலுக்குள்ளேயே வேண்டுமென்றே அசைப்பது, நாம் கஷ்டப்பட்டு ஒட்டவைத்ததை அது பிரித்துவிடும். 1366×768 திரையில் 640×360 என்பது 2.13 மடங்கு. அதை அப்படியே இழுத்தால் சில பிக்சல்கள் மற்றவற்றைவிட அகலமாகிவிடும். 2 மடங்கில் நிறுத்தி ஓரத்தைக் கறுப்பாக விடுவதே மேல்.

கேமரா சுழன்றால் எந்த ஸ்நாப்பும் உதவாது. அங்கே படம் இடம் மாறவில்லை, வடிவமே மாறுகிறது. 45 அல்லது 90 டிகிரிப் படிகளில் சட்டென்று திருப்பிவிடுங்கள்.

சோதித்துப் பார்ப்பது

கண்ணை நம்பாமல் சோதிக்க ஒரு வழி உண்டு. அசையும் பொருள்களை நிறுத்திவிட்டு, பெரிதாக்குவதற்கு முந்தைய 642×362 படத்தை ஒரு தடவை சேமியுங்கள். கேமராவைச் சரியாக ஒரு பிக்சல் வலப்பக்கம் நகர்த்தி மறுபடி சேமியுங்கள். இரண்டாவது படத்தை ஒரு பிக்சல் வலப்பக்கம் தள்ளி முதல் படத்தின் மேல் வைத்து, இரண்டின் வித்தியாசத்தைப் பாருங்கள். ஓரத்து வரிசையைத் தவிர மற்றதெல்லாம் கறுப்பாக இருக்க வேண்டும். எல்லா விளிம்புகளிலும் புள்ளிகள் தெரிந்தால் அச்சு தவறு. அங்கங்கே சில மட்டும் என்றால் பிக்சல் அளவு தவறு, 362-க்கான கணக்கைத் திரும்பப் பாருங்கள். நிழல்களின் ஓரம் மட்டும் ஒளிர்ந்தால் கேமரா சரியாகவே இருக்கிறது. கேமராவோடு சேர்ந்து நகரும் நிழல் மேப்புக்கு அதன் சொந்த பிக்சல் கட்டம் இருக்கிறது, அதையும் அதன் அளவில் ஸ்நாப் செய்ய வேண்டும்.