குடியால அப்பாவ இழந்த ஃப்ரெண்டுகிட்ட கேதம் கேக்கப் போறப்ப நாம செய்ற தப்புகள்

என் ஃப்ரெண்டோட அப்பா சிவகாசில ஒரு பிரஸ்ல பைண்டிங் வேலை பாத்தவரு. கல்லீரல் போயி, வயித்துல தண்ணி கோத்து, கடைசில ரத்த வாந்தி எடுத்து ஜிஹெச்ல இறந்தாரு. பதினஞ்சு வருஷத்துக்கு மேல குடி. ஊருக்கே தெரியும். அன்னிக்கு நான் போயி அவன் தோள்ல கைய போட்டுட்டு, "விடு மாப்ள, இனிமேலாச்சும் உங்க அம்மா நிம்மதியா இருப்பாங்க"ன்னு சொன்னேன். நல்ல மனசோடதான் சொன்னேன். அவன் மெதுவா என் கைய எடுத்துட்டு தண்ணி கேன் இறக்குற மாதிரி அந்தப்பக்கம் போயிட்டான், அப்புறம் மூணு மாசம் எனக்கு ஒரு போன் கூட பண்ணல. அதுக்கப்புறம் உக்காந்து பேசினப்பதான் நான் மட்டும் இல்ல, வந்தவங்கள்ல முக்கால்வாசி பேரு என்னென்ன சொல்லி அவன குத்திட்டுப் போனாங்கன்னு தெரிஞ்சுது. அவன்கிட்ட கேட்டுத்தான் இத எழுதுறேன்.

முதல்ல அந்த "நிம்மதி"ய பத்தியே சொல்லிடுறேன், ஏன்னா இதத்தான் எல்லாரும் சொல்றோம். குடிக்கிற அப்பா இருக்கிற வீட்டுல, அவரு போனதும் ஒரு நிம்மதி வர்றது உண்மைதான். ராத்திரி கேட் சத்தத்துக்கு யாரும் முழிக்க வேண்டாம். ஆனா அந்த நிம்மதி வந்ததுக்காகவே அந்தப் பிள்ளை உள்ளுக்குள்ள கூசிப்போய் கிடப்பான், அப்பா செத்ததுக்கா நமக்கு லேசா இருக்குன்னு. அவன் யாருக்கும் காட்டாம வச்சிருக்கிற அந்த இடத்துல நாம போயி சத்தமா கைய வைக்கிறோம். அந்த வார்த்தைய அவன் சொன்னா நாம கேக்கலாம், "ஆமாடா, அப்படி இருக்கத்தான் செய்யும், அதுல தப்பு இல்ல"ன்னு சொல்லலாம். நாமளா ஆரம்பிக்கக் கூடாது. இவன் வேற ஒண்ணும் சொன்னான், எனக்கு அது மறக்கவே இல்ல. அவன் அழுதது அந்தக் கடைசி அஞ்சு வருஷத்து அப்பாவுக்காக இல்லயாம், "என்னிக்காவது ஒருநாள் நிறுத்திட்டு பழையபடி ஆயிருவாருன்னு நெனச்சிட்டே இருந்தேன்டா, இப்ப அந்த நெனப்பும் சேந்து போயிருச்சு"ன்னான். வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு ஒரு சாவுதான் தெரியும், அவனுக்கு ரெண்டு.

இப்படி ஊரு மதிக்காத துக்கத்துக்கு இங்கிலீஷ்ல "டிஸ்என்ஃப்ரான்சைஸ்டு கிரீஃப்"னு தனியா ஒரு பேரே இருக்கு. கென்னத் டோக்காங்கற அமெரிக்க ஆய்வாளரு 1989ல இத பத்தி எழுதினாரு, சமுதாயம் அங்கீகரிக்காத, வெளிப்படையா அழ உரிமை கொடுக்காத துக்கம்ங்கற அர்த்தத்துல. நம்மூர்ல அது எப்படி இருக்கும்னா, ஆக்சிடெண்ட்ல போனவரு வீட்டுல "அய்யோ நல்ல மனுஷன்"னு கதறுவாங்க, குடிச்சுப் போனவரு வீட்டுல வாசல்ல சேர் போட்டு உக்காந்துகிட்டு "எத்தன தடவ சொன்னேன், கேட்டாரா"ன்னு பேசிட்டு இருப்பாங்க, உள்ள பிள்ளைக்கு அது கேக்கும்.

அடுத்தது காரணம் கேக்குறது. "என்னாச்சு? லிவரா? கடைசி வரைக்கும் குடிச்சாரா?" இது தெரிஞ்சு நமக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. 1969 பிறப்பு இறப்பு பதிவுச் சட்டத்துலயே குடும்பத்துக்கு கொடுக்கிற இறப்புச் சான்றிதழ்ல சாவுக்கான காரணத்த வெளிப்படுத்தக் கூடாதுன்னு இருக்கு, பேரு, தேதி, இடம்னுதான் இருக்கும். அரசாங்கமே காட்டாத ஒண்ண நாம பந்தல்ல நின்னுகிட்டு கேக்குறோம். குடி மட்டும் இல்ல, எச்ஐவி, காசநோய், தற்கொலை எதுவா இருந்தாலும் இதேதான். வீட்டுல "மஞ்சக்காமாலை"ன்னு சொன்னா மஞ்சக்காமாலைதான், "ஹார்ட் அட்டாக்"னு சொன்னா ஹார்ட் அட்டாக்தான். அதுக்கு மேல தோண்டாதீங்க, பக்கத்துல நிக்கிறவர்கிட்ட கண்ணடிச்சு சைகையும் காட்டாதீங்க, அவங்க பாத்துட்டுத்தான் இருப்பாங்க.

இப்ப சொல்லப்போறதுதான் ரொம்ப ஆழமா வெட்டுறது. "கொஞ்சம் கண்டிச்சு வச்சிருக்கலாம்", "ரூம்ல போட்டுப் பூட்டியிருந்தா நாலு நாள்ல தெளிஞ்சிருப்பாரு", "மூத்த பிள்ளை நீ, நீ சொன்னா கேட்டிருப்பாரு." இத சொல்றவங்களுக்கு இந்த நோய் எப்படி வேலை செய்யுதுன்னே தெரியாது. தினமும் அதிகமா குடிச்சுப் பழகின உடம்புல திடீர்னு நிறுத்தினா முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டாவது நாள்ல இருந்து நாலாவது நாளுக்குள்ள கை நடுங்கி, இல்லாத ஆளெல்லாம் கண்ணுக்குத் தெரிஞ்சு, ஜுரம் ஏறி உயிரே போகலாம், அதனாலதான் டாக்டர் பாத்து மருந்து கொடுத்து நிறுத்தணும்ங்கறாங்க. ரூம்ல பூட்டுறது வைத்தியம் இல்ல, ஆபத்து. என் ஃப்ரெண்டு ரெண்டு தடவ அவர டீஅடிக்‌ஷன் சென்டர்ல சேத்தான், ரெண்டாவது தடவ ஏழு மாசம் தொடாம இருந்தாரு, அப்புறம் ஒரு கல்யாண வீட்டுல திரும்ப ஆரம்பிச்சாரு. திரும்ப விழுறது இந்த நோயில அடிக்கடி நடக்குறதுதான், பிள்ளையோட பாசம் குறைஞ்சதால இல்ல.

கடைசி மாசங்கள பத்தி ஒண்ணு சொல்லணும். கல்லீரல் தழும்பேறி இறுகிடுச்சுன்னா ரத்தம் அது வழியா சரியா போக முடியாது, பின்னாடி அழுத்தம் ஏறும், உணவுக்குழாய்ல இருக்கிற ரத்தக்குழாய் புடைச்சு வெடிக்கும், ரத்த வாந்தி அதனாலதான். அதே மாதிரி கல்லீரல் சுத்தம் பண்ணாத கழிவு மூளைக்குப் போயி ஆளையே மாத்திரும், ராத்திரி முழுக்க முழிச்சிருந்து பகல்ல தூங்குவாங்க, பிள்ளைய அடையாளம் தெரியாது, கண்டபடி திட்டுவாங்க. இவன் அப்பா இவன்கிட்ட கடைசியா சொன்னது ஒரு கெட்ட வார்த்தை. அத மாசக்கணக்கா யாருகிட்டயும் சொல்லாம தூக்கிட்டுத் திரிஞ்சிருக்கான். அது நோய் பேசினது, அப்பா இல்லன்னு ஆஸ்பத்திரில யாராவது சொல்லியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும். நானும் சாவு வீட்டுல இத சொல்லியிருக்க முடியாது, அங்க வச்சு மெடிக்கல் கிளாஸ் எடுக்குறதும் தப்புதான். அவனா வாயத் திறந்து "கடைசியா என்ன இப்படித் திட்டுனாருடா"ன்னு சொன்னப்பதான் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம உக்காந்திருந்தான்.

அவன் அப்பாவ திட்டும்போது நாம என்ன பண்றதுங்கறதும் இருக்கு. கோவம் வரும், "எங்க அக்கா கல்யாணத்துக்கு சேத்த காச எடுத்துக் குடிச்ச ஆளுடா அவரு"ம்பான். உடனே நாமளும் சேந்து "ஆமா, எவ்வளவு அட்டூழியம்"னு ஆரம்பிக்கக் கூடாது. அவன் திட்டலாம், அவன் அப்பா, நாம திட்டினா அவனுக்கு வலிக்கும். அதுக்காக "செத்தவங்கள அப்படிச் சொல்லாத, தெய்வமாயிட்டாரு"ன்னு வாய அடைக்கவும் வேண்டாம். "ரொம்ப கஷ்டப்பட்டுட்டீங்கடா"ன்னு ஒரு வரி போதும், மிச்சத்த அவனே பேசுவான்.

நம்ம ஊர்ப்பக்கம் ஆம்பளைங்க செய்ற ஒண்ணு இருக்கு, சுடுகாட்டுல இருந்து திரும்பினதும் "வா, ஒரு கட்டிங் போட்டா மனசு லேசாகும்"னு கூப்பிடுறது. குடியில அப்பாவ எரிச்சுட்டு வந்தவன்கிட்ட குடிக்கக் கூப்பிடுறோம்! இவன நாலு பேரு கூப்பிட்டிருக்காங்க. அதுக்கு நேர் எதிரா, "உனக்கும் அந்த ரத்தம்தான், ஜாக்கிரதையா இரு"ன்னு இன்னொருத்தர் சொல்லிட்டுப் போனாராம். பரம்பரைக்குப் பங்கு இருக்குங்கறது நெஜம்தான், ஆனா அத சொல்ற இடமா அது? ராத்திரி அவனோட இருக்கணும்னா ஒரு ஃப்ளாஸ்க்ல டீ வாங்கிட்டுப் போயி வாசல்ல உக்காருங்க.

வாட்ஸப்ல வெறும் ஆர்ஐபி, கைகூப்புற ஸ்டிக்கர் அனுப்புறதும், என்ன பேசறதுன்னு தெரியாம மொத்தமா காணாமப் போறதும் ஒரே வகைதான், ரெண்டாவது இன்னும் மோசம், ஏன்னா அவன் "அப்பா இப்படி செத்ததால வெக்கப்பட்டு வரல"ன்னுதான் எடுத்துக்குவான். போனா பேசியே ஆகணும்னு இல்ல. எங்க பக்கம் கேதத்துக்குப் போறவங்க வரிசையா நிக்கிற வீட்டு ஆம்பளைங்க கையத் தொட்டுட்டு நகருவாங்க, ஒரு வார்த்தை கிடையாது, வர்றப்ப "போயிட்டு வரேன்"னும் சொல்ல மாட்டோம். அந்தப் பழக்கம் எவ்வளவு நல்லதுன்னு எனக்கு இப்பத்தான் புரியுது.

சரி, எதத்தான் சொல்றது? குடிக்கு முன்னாடியோ குடிக்கு நடுவுலயோ அந்த மனுஷன்கிட்ட நீங்க கண்ணால பாத்த ஒரு நல்ல விஷயத்த, பெருசாக்காம, அப்படியே சொல்லுங்க. எனக்கு அது ஞாபகம் வர்றதுக்கே மூணு மாசம் ஆச்சு. நாங்க எட்டாவது படிக்கிறப்ப ஜூன் மாசம் ஸ்கூல் திறக்கறதுக்கு முன்னாடி அவரு பிரஸ்ல வெட்டிப்போட்ட பேப்பர எல்லாம் கேட்டு வாங்கிட்டு வந்து, திண்ணைல உக்காந்து ஊசி நூல வச்சு தச்சு, காலண்டர் அட்டைய மேல ஒட்டி ரஃப் நோட்டு போட்டுத் தருவாரு. இவனுக்கு மட்டும் இல்ல, எங்க அஞ்சு பேருக்கும். பக்கம் ஒவ்வொண்ணும் ஒரு கலர்ல இருக்கும், மைதா பசை வாசம் ஆகஸ்ட் வரைக்கும் போகாது. அவனுக்கு இப்படித்தான் அனுப்பினேன்:

"மாப்ள, அன்னிக்கு நான் சொன்னது தப்பு, மன்னிச்சிரு. உங்க அப்பா தச்சுக் குடுத்த நோட்டு ஞாபகம் வந்துச்சு, என்னோடதுல மேல மீனாட்சி அம்மன் காலண்டர் அட்டை. நூலுக்கு மெழுகு தடவித்தான் தைப்பாரு, இல்லன்னா அறுந்துரும்னு சொல்லுவாரு. நீ பதில் போடணும்னு இல்ல. ஞாயித்துக்கிழமை வீட்டுப்பக்கம் வரேன், வேண்டாம்னா சொல்லு."

இதுல என்ன வியாதின்னு இல்ல, அறிவுரை இல்ல, "ஏதாவது வேணும்னா கேளு"ன்னு பாரத்த அவன் தலைல போடல, எந்த நாள் வருவேன்னு இருக்கு. பதினாறு முடிஞ்சு பந்தல் பிரிச்சதும் ஊரு கலஞ்சிரும், அதுக்கப்புறம்தான் வாரிசு சான்றிதழ், பிஎஃப், பேங்க்னு அலையணும், கூட ஒருத்தர் வண்டி எடுத்துட்டுப் போனாலே பெருசு. ரொம்ப உடைஞ்சு போயிருந்தா, தூக்கமே இல்லன்னா, சாகணும்னு பேசினான்னா 14416க்கு அடிக்கலாம், டெலி மானஸ், தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது.

பதில் ராத்திரி பதினொன்ற மணிக்கு வந்துச்சு. எழுத்து எதுவும் இல்ல, ஒரு போட்டோ மட்டும். அவங்க வீட்டு டிரங்குப் பெட்டில இருந்து எடுத்த பழைய நோட்டு ஒண்ணு, மேல பாதி கிழிஞ்ச முருகன் காலண்டர் அட்டை, ஓரத்துல மூணு தையல் போட்ட நூல் இன்னும் அப்படியே இருந்துச்சு.