கட்டம் போட்ட சேலையை ஃபேஷன் படமாக்குவது: உடலை நீட்டுங்கள், கட்டத்தை நீட்டாதீர்கள்

சேலை கட்டி நிற்கும் ஒருவரின் புகைப்படத்தை ஃபேஷன் படமாக வரையச் சொன்னால், பலரும் போனிலேயே படத்தை மேலும் கீழுமாக இழுத்துவிட்டு அதைப் பார்த்து வரைகிறார்கள். உயரம் கிடைத்துவிடும். ஆனால் முகமும் சேர்ந்து நீளும், கரை அகலமாகும், சதுரக் கட்டம் செவ்வகமாகும். சேலை தெரிந்தவர் கண்ணுக்கு அது வேறு சேலை.

இங்கே ஒரு காரைக்குடி கண்டாங்கியை எடுத்துக்கொள்வோம். கடுகு மஞ்சளில் அரக்குக் கோடுகள் ஓடும் பெரிய கட்டம், கீழே பட்டையான அரக்குக் கரை. பூப்போட்ட துணியில் சின்னத் தப்புகள் மறைந்துவிடும், கட்டத்தில் எதையும் மறைக்க முடியாது. பழகுவதற்கு அதுதான் நல்லது.

புகைப்படத்தை அளப்பது

இடுப்பு உயரத்தில் கேமராவை வைத்து எடுத்த முழு உருவப் படம் வேண்டும். முக உயரத்திலிருந்து எடுத்தால் கால் குட்டையாகத் தெரியும், கணக்கு எல்லாம் பிசகும்.

உச்சந்தலையிலிருந்து முகவாய் வரை உள்ள நீளம்தான் நம் அளவுகோல். அதை ‘ஒரு தலை’ என்போம். நம் படத்தில் இருப்பவர் ஏழரைத் தலை உயரம். ஃபேஷன் படத்துக்கு வழக்கமாக ஒன்பது தலை. கூடுதலாக வரும் ஒன்றரைத் தலையை எங்கே சேர்ப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஏ4 தாளில் தலைக்கு 3 செ.மீ. வீதம் ஒன்பது பாகம் பிரியுங்கள். 27 செ.மீ. போக மேலும் கீழும் கொஞ்சம் இடம் மிஞ்சும். முகவாய் முதல் கோட்டில், மார்பு இரண்டாவதில், இடுப்பு மூன்றாவதில், தொடை பிரியும் இடம் நான்காவதில். இதுவரை புகைப்படத்துக்கும் படத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதற்குக் கீழேதான் நீட்டுகிறோம். புகைப்படத்தில் ஐந்தரையில் இருக்கும் முட்டி இங்கே ஆறுக்கு இறங்கும், பாதம் ஒன்பதில் முடியும். கால் நீண்டபின் கை குட்டையாகத் தெரியும், அதனால் விரல் நுனியைத் தொடையின் பாதிக்குக் கொஞ்சம் கீழே வரை கொண்டுபோங்கள். அகலத்தைத் தொட வேண்டாம். தோள் ஒன்றரைத் தலை அகலம் இருந்தால் போதும்.

அடுத்து, கழுத்துக் குழியிலிருந்து நேராகக் கீழே ஒரு கோடு. நம் படத்தில் அவர் தன் வலக்காலில் எடையைப் போட்டு, இடது முட்டியை லேசாக முன்னே தள்ளி நிற்கிறார். ஆகவே அந்தக் கோடு வலப்பாதத்தில் வந்து விழ வேண்டும். வலது இடுப்பு மேலே ஏறியிருக்கும், வலது தோள் சற்று இறங்கியிருக்கும். கோடு பாதத்துக்கு வெளியே விழுந்தால் உருவம் சாய்ந்து விழப்போவது போல இருக்கும்.

துணி எங்கே மாட்டியிருக்கிறது?

உடல் வரைந்த தாளின் மேல் டிரேசிங் பேப்பரை வையுங்கள். மடிப்புகளை ஒன்றொன்றாகப் பார்த்து வரையும் முன் துணி எந்தெந்த இடத்தில் பிடிபட்டிருக்கிறது என்று தேடுங்கள். நம் படத்தில் நான்கு இடங்கள்: பின் குத்திய இடது தோள், கொசுவம் செருகிய இடுப்பு, ஏறி நிற்கும் வலது இடுப்பு, முன்னே தள்ளிய இடது முட்டி. எல்லா மடிப்புகளும் இவற்றிலிருந்துதான் கிளம்பும்.

மேலே உடல் நீளவில்லை, அதனால் முந்தானை மடிப்புகளைச் சாய்வு மாறாமல் அப்படியே போடலாம். கொசுவத்தில் ஆறு மடிப்பு தெரிந்தால் படத்திலும் ஆறுதான். நீளம் கூடியதற்காக எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். முட்டியில் துணி இறுகி, அதற்குக் கீழே தளர்ந்து நேராக விழும் இடம் மட்டும் புது முட்டிக் கோட்டுக்கு இறங்க வேண்டும். பழைய உயரத்திலேயே விட்டால் தொடை நடுவில் முட்டி முளைத்தது போல இருக்கும்.

கஞ்சி போட்ட பருத்தி விறைப்பாக நிற்கும். கோடு நேராக ஓடி, திரும்பும் இடத்தில் சட்டென்று உடைய வேண்டும். அதையே வளைத்து வளைத்துப் போட்டால் கிரேப் சேலையாகிவிடும்.

கட்டங்கள்

புகைப்படத்தில், துணி மடியாமல் தட்டையாகத் தெரியும் இடத்தில் ஒரு தலை நீளத்துக்கு எத்தனை கட்டம் என்று எண்ணுங்கள். நம் சேலையில் நான்கு. தாளில் ஒரு தலை 3 செ.மீ. என்பதால் ஒரு கட்டம் ஏழரை மில்லிமீட்டர். இந்த அளவு படம் முழுக்க மாறாது.

இடுப்பிலிருந்து பாதம் வரை புகைப்படத்தில் நாலரைத் தலை. கரை அரைத் தலை போக மீதி நான்கு தலைக்குப் பதினாறு வரிசைக் கட்டம். நம் படத்தில் அதே பகுதி ஆறு தலை. கரை அதே அரைத் தலைதான், அதாவது ஒன்றரை செ.மீ. மீதி ஐந்தரைத் தலைக்கு இருபத்திரண்டு வரிசை வரும். கட்டம் பெரிதாகவில்லை, ஆறு வரிசை கூடுகிறது, அவ்வளவுதான். நெய்பவர் உயரமானவருக்காகக் கட்டத்தைப் பெரிதாக்குவதில்லையே!

வரைவதைக் கீழே இருந்து தொடங்குங்கள். கொசுவத்தின் அடி விளிம்பு நேர்கோடு அல்ல, மடிப்புக்கு மடிப்பு ஏறி இறங்கும். முதலில் அந்த ஏற்ற இறக்கத்தைப் போட்டு, அதற்கு இணையாகக் கரையின் மேல் விளிம்பையும் போடுங்கள். இனி ஒவ்வொரு மடிப்பின் முகத்திலும் துணி தொங்கும் திசையில் மெல்லிய நெடுங்கோடு ஒன்று. நெடுக்குக் கோடுகள் அதற்கு இணையாகவும், குறுக்குக் கோடுகள் அந்த மடிப்பின் அடி விளிம்புக்கு இணையாகவும் போகும்.

ஒரு மடிப்பின் ஓரத்தில் கட்டம் பாதியில் வெட்டுப்பட்டால், அடுத்த மடிப்பில் மீதிப் பாதி வரவே கூடாது. நடுவே உள்ள துணி உள்ளே மடிந்து கிடக்கிறது. அடுத்த முகம் வேறொரு கட்டத்தின் நடுவிலிருந்துகூடத் தொடங்கலாம். எங்கே தொடங்குகிறது என்று புகைப்படத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை, குறுக்கு வழி இல்லை. ஆனால் குறுக்குக் கோடுகளின் உயரம் மட்டும் எல்லா மடிப்பிலும் ஏறக்குறைய ஒத்துப்போகும், ஏனென்றால் எல்லாமே கரையிலிருந்து அதே தூரம்.

வலது இடுப்பில் குறுக்குக் கோடு உடலைச் சுற்றி வளையும். முந்தானையில் கட்டம் மொத்தமாகச் சாயும். கரை எந்தச் சாய்வில் மார்பைக் கடந்து தோளுக்கு ஏறுகிறதோ, அதற்கு இணையாக ஒரு கோடும் அதற்குச் செங்குத்தாக இன்னொன்றும் வர வேண்டும்.

சரியா என்று பார்க்க ஒரு வழி: இன்னொரு டிரேசிங் பேப்பரில் கட்டங்களை மட்டும் பிரதி எடுங்கள். மடிப்புக் கோடே இல்லாமல் மடிப்பு எங்கே என்று தெரிந்தால் தேறிவிட்டது. கிராஃப் தாள் போலத் தெரிந்தால் அந்தப் பகுதியை அழித்துவிட்டு மறுபடி போடுங்கள்.

வண்ணம்

தடித்த தாளுக்கு மாற்றிவிட்டு முதலில் மஞ்சளை முழுக்கப் பூசுங்கள். காய்ந்தபின் அரக்குக் கோடுகள். அவையும் நன்றாகக் காய்ந்தபிறகே நிழல், அதுவும் கோடுகளின் மேலேயே. நிழலுக்குள் மஞ்சள் பழுப்பாகும்போது அரக்கும் கருக்க வேண்டும். கோடு மட்டும் பளிச்சென்று நின்றால் துணிக்கு மேலே மிதக்கும். கொசுவத்தின் உள்மடிப்பில் கட்டமே போடாமல் கருநிறம் மட்டும் விட்டாலும் தப்பில்லை.

பொடிக்கட்டச் சேலைக்கு இந்த முறை ஏ4 தாளில் அப்படியே சரிப்படாது. கட்டம் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும், கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி அழுக்காகும். அப்போது வெளிச்சம் படும் பக்கத்தில் மட்டும் கட்டங்களைத் தெளிவாகப் போட்டு, நிழல் பக்கம் போகப்போக மங்கவிடுங்கள், அல்லது ஏ3 தாளுக்குப் போய்விடுங்கள்.