வேலை விளம்பரத்தில் உள்ள பதவி எந்தப் படியில் இருக்கிறது? கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு பெரிய வங்கியின் வேலை விளம்பரத்தில் 'அசிஸ்டன்ட் வைஸ் பிரசிடென்ட், பேமென்ட்ஸ் ஆபரேஷன்ஸ்' என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படித்தவுடன் தலைவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்காரப் போவது போலத் தோன்றும். பெரிய வங்கிகளில் நிலவரம் வேறு. அனலிஸ்ட், அசோசியேட், வைஸ் பிரசிடென்ட், டைரக்டர், மேனேஜிங் டைரக்டர் என்பதுதான் அங்கே வழக்கமான ஏணி. அதில் வைஸ் பிரசிடென்ட்டே நடுப்படி. அசிஸ்டன்ட் என்று முன்னால் சேர்ந்தால் அதற்கும் ஒரு படி கீழே. இதே வைஸ் பிரசிடென்ட் ஓர் உற்பத்தி நிறுவனத்தில் ஒரு முழுப் பிரிவையே நடத்துபவராக இருப்பார்.

விசிட்டிங் கார்டில் அச்சாவது டெசிக்னேஷன். நிறுவனத்தின் உள்கணக்கில் அந்த வேலைக்குக் கொடுத்திருக்கும் படி எண் கிரேடு. பக்கத்துப் பக்கத்து கிரேடுகள் சிலவற்றைச் சேர்த்துக் கட்டினால் அது பேண்ட். சம்பள வரம்பு, போனஸ் விகிதம் போன்றவை பொதுவாக கிரேடைப் பிடித்துத்தான் நடக்கும். டெசிக்னேஷனைப் பெரிதாக்க நிறுவனத்துக்குச் செலவே கிடையாது, கிரேடை உயர்த்தினால் செலவு. நாம் தேட வேண்டியது கிரேடைத்தான்.

படி 1: ஏணியை நீங்களே வரையுங்கள்

நிறுவனத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்துக்குப் போய் அதே பிரிவில் உள்ள மற்ற விளம்பரங்களையும் திறங்கள். ஒவ்வொன்றிலும் பதவிப் பெயர், குறைந்தபட்ச அனுபவம், யாருக்குக் கீழே வேலை என்ற மூன்றை மட்டும் குறித்து, அனுபவத்தின்படி வரிசைப்படுத்துங்கள். நம் எடுத்துக்காட்டில் இப்படி வருகிறது என்று கொள்வோம்: அனலிஸ்ட்டுக்கு அனுபவமே வேண்டாம், அசோசியேட்டுக்கு 3 ஆண்டு, நம் பதவிக்கு 5, வைஸ் பிரசிடென்ட்டுக்கு 9, டைரக்டருக்கு 14. நம் பதவிக்கு மேலே விளம்பரத்தில் தெரிபவையே இரண்டு படிகள். 5 ஆண்டு அனுபவம் போதும் என்கிற பதவி தலைமைப் பதவியாக இருக்க வாய்ப்பு குறைவு.

படி 2: வேலை விவரத்தின் வினைச்சொற்களைப் பாருங்கள்

'ஒப்புதல் அளிப்பார்', 'பட்ஜெட்டுக்குப் பொறுப்பு', 'குழுவுக்கு ஆள் எடுப்பார்' என்றெல்லாம் இருந்தால் அதிகாரம் இருக்கிறது. 'தயாரிப்பார்', 'ஒருங்கிணைப்பார்', 'உதவுவார்' என்று மட்டும் இருந்தால் முடிவெடுப்பவர் வேறு யாரோ. நம் விளம்பரத்தில் 'தினசரி அறிக்கை தயாரித்தல், பிற குழுக்களுடன் ஒருங்கிணைத்தல்' என்றுதான் இருக்கிறது, கீழே எத்தனை பேர் என்ற பேச்சே இல்லை. ஆக, இது அனுபவமுள்ள ஒருவர் தன் கையாலேயே செய்யும் வேலை.

படி 3: எச்.ஆர்.-இடம் கேளுங்கள்

முதல் போன் பேச்சிலேயே கேட்கலாம், தப்பில்லை. "இது எந்த கிரேடு? இதற்கு மேலே எத்தனை கிரேடு இருக்கிறது? என் மேலாளர் எந்த கிரேடில் இருக்கிறார்?" எண்ணை மட்டும் கேட்டுவிட்டு போனை வைத்துவிடாதீர்கள். சில இடங்களில் 1 தான் அடிப்படி, சில இடங்களில் 1 தான் உச்சி. ஒரே எண்கூட இடத்துக்கு இடம் மாறும். மென்பொருள் பொறியாளர்களைப் பொறுத்தவரை கூகுளில் எல்5 என்றால் சீனியர், அமேசானில் சீனியர் எல்6-இல்தான் வருகிறது.

"இரண்டு கிரேடில் ஏதாவது ஒன்று, இன்டர்வியூவுக்கு அப்புறம் முடிவாகும்" என்று பதில் வந்தால் கவனம். கீழ் கிரேடு கிடைத்தால் டெசிக்னேஷனும் சம்பளமும் என்னவாகும் என்பதை இன்டர்வியூவுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: வரம்புக்குள் உங்கள் இடம்

புதிதாகத் தேடுபவர்கள் அதிகம் கவனிக்காதது இதுதான். ஒவ்வொரு கிரேடுக்கும் ஒரு சம்பள வரம்பு உண்டு. அதன் நடுப்புள்ளியை 100 என்று வைத்தால், கீழ் எல்லை 80, மேல் எல்லை 120 என்பது போல இருக்கும். ஆஃபரில் உள்ள சம்பளத்தை நடுப்புள்ளிக்கான சம்பளத் தொகையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் உங்கள் இடம் தெரிந்துவிடும்.

நம் எடுத்துக்காட்டில் ஆஃபர் 117-இல் வருகிறது என்போம். கையில் வரும் தொகை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மேல் எல்லைக்கு இன்னும் 3 புள்ளிதான். பதவி உயர்வு வரும்வரை ஆண்டு உயர்வு சிறுத்துப்போகும், சில நிறுவனங்களில் நின்றேபோகும். அதே தொகை ஒரு கிரேடு மேலே 90-இல் விழலாம். சம்பளம் ஒன்றுதான், ஆனால் அங்கே ஏற இடம் இருக்கிறது. அதனால் சம்பளத்தைக் கூட்டிக் கேட்கும் முன் கிரேடை உயர்த்த முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். வேலையில் சேர்ந்த பிறகு கிரேடை மாற்றப் பதவி உயர்வுச் சுற்றுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

கேட்ட கிரேடு ஆஃபர் லெட்டரில் இருக்கிறதா என்று பாருங்கள். டெசிக்னேஷன் மட்டும் இருந்தால், கிரேடையும் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.